சந்தை நின்ற அந்த 45 நிமிடம், காணாமல் போன என் ஆர்டர்

காரைக்குடி: 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. செக்காலை ரோட்டு ஷேர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். சுமார் 9.20 மணிக்கு நிஃப்டி 10 சதவீதம் இறங்கியதும் திரையில் விலைகள் அப்படியே நின்றுவிட்டன, 45 நிமிடம் நிறுத்தம் என்றார்கள். ஒரு வங்கிப் பங்கை, இந்த விலைக்குக் கீழே வேண்டாம் என்று விலை குறித்து விற்க லிமிட் ஆர்டர் போட்டிருந்தேன். திறந்ததும் தன்னால் விற்றுவிடும் என்று காத்திருந்தேன். 10.20க்குத் திறந்தது, ஆர்டரைக் காணோம். அன்று சென்செக்ஸ் 1,325 புள்ளி ஏறித்தான் முடிந்தது, அதனால் எனக்கு நஷ்டமில்லை. ஆனாலும் ஆர்டர் எங்கே போனது? வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

தேவகோட்டை: எனக்கு இதைவிட மோசம் தம்பி. ஒரு சின்ன கம்பெனிப் பங்கு லோயர் சர்க்யூட் அடித்து நாலு நாள் விற்கவே முடியவில்லை. 45 நிமிடம் கழித்துத் திறக்கும் என்கிறீர்கள், எனக்கு ஏன் திறக்கவில்லை?

கோட்டையூர்: ஆச்சி, உங்களுடையது வேறு கதை. அது அந்த ஒரு பங்குக்கு வைத்த அன்றைய விலை வரம்பு. வியாபாரம் நிற்கவில்லை, அந்த விலையில் வாங்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். ஒருவர் வந்திருந்தால் வரிசைப்படி விற்றிருக்கும்.

காரைக்குடி அண்ணனுக்கு: நான் டீலராக இருந்தவன். நிஃப்டி, சென்செக்ஸ் மாதிரி இன்டெக்ஸே விழுந்து மொத்தச் சந்தையும் நிற்கும் இன்டெக்ஸ் சர்க்யூட் வந்தால் நிறைவேறாத ஆர்டர் எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்ச் அழித்துவிடும். 45 நிமிடம் முடிந்ததும் 15 நிமிடம் ப்ரீ ஓப்பன், அதாவது ஆர்டர்களைச் சேர்த்துத் திறக்கும் விலையைத் தீர்மானிக்கும் நேரம். அதில் புதிதாகப் போட வேண்டும். நின்றது 9.20, திறந்தது 10.20 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு மணி நேரக் கணக்கு இதுதான்.

புதுவயல்: ஆக 10 சதவீதம் விழுந்தால் எப்போதும் 45 நிமிடம்.

கோட்டையூர்: பகல் 1 மணிக்கு முன்னால் விழுந்தால்தான். 1 மணியிலிருந்து 2.30க்குள் என்றால் 15 நிமிடம். 2.30க்கு மேல் 10 சதவீதத்துக்கு நிறுத்தமே கிடையாது. 20 சதவீதம் என்றால் எந்த நேரமானாலும் அன்றைக்குக் கடை அடைப்புதான்.

பள்ளத்தூர்: நிறுத்தினால் பயம் தணியும் என்று சொல்வார்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே மாதம் 23ஆம் தேதி 9.58க்கு நின்றது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து இன்னும் இறங்கி, சென்செக்ஸ் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்து முடிந்தது. அடுத்த நிறுத்தத்துக்கான 15 சதவீதத்தைத் தொடாததால் இரண்டாவது நிறுத்தமும் வரவில்லை. சீனாவில் 2016 ஜனவரியில் 5 சதவீதத்துக்கு 15 நிமிடம், 7க்கு முழு நாள் என்று வைத்தார்கள். 7 வருவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று எல்லோரும் முண்டியடித்தார்கள். நாலே நாளில் அந்த விதியையே நிறுத்திவைத்தார்கள்.

கோட்டையூர்: அங்கே 5க்கும் 7க்கும் நடுவில் இடமே இல்லையே. இங்கே 10, 15, 20. அந்த இடைவெளி முக்கியம். அப்புறம், நின்ற நேரத்தில்தான் நாங்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டு மார்ஜின் பணம், அதாவது விலை இறங்கியதால் குறைந்துபோன ஈட்டுப் பணம் கேட்போம். அந்த 45 நிமிடம் இல்லாவிட்டால் கேட்காமலே விற்றுத் தள்ள வேண்டியிருக்கும்.

பள்ளத்தூர்: 23ஆம் தேதி எனக்கும் அந்தப் போன் வந்தது. பணம் கட்டினேன். கட்டியதும் விலை இன்னும் இறங்கியது.

காரைக்குடி: அப்படியானால் ப்ரீ ஓப்பனில் நான் மறுபடி போட்டிருந்தால், அன்றைய அடிமட்ட விலைக்கே விற்றிருக்குமா?

கோட்டையூர்: நீங்கள் குறித்த விலைக்குக் கீழே போயிருக்காது அண்ணே. விலை குறிக்காத மார்க்கெட் ஆர்டர் என்றால்தான் பயப்பட வேண்டும்.