வீட்டிலிருந்தே இயங்கும் குழுவில் புதியவருக்கு முதல் 30 நாள்: உங்கள் அனுபவம் என்ன?

ஜூரோங் கணக்கர்

மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சிறிய குழு எங்களுடையது. ஆறு பேர். நாலு பேர் இங்கே சிங்கப்பூரில் அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறோம், இரண்டு பேர் கோயம்புத்தூரில். அலுவலகம் என்று ஓர் இடம் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் மாதம் எப்படி நடத்துவது என்பதில் நான் ஒருமுறை தவறினேன். அதை முதலில் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி 3ஆம் தேதி ஒரு தம்பி சேர்ந்தார். ஊரில் நாலு வருடம் இதே வேலை செய்தவர். முதல் நாளே அவருக்கு ஆறு காணொளிச் சந்திப்பு வைத்தேன். இரண்டாம் நாள் ஐந்து. எல்லாரையும் அறிமுகம் செய்து, எல்லா மென்பொருளையும் காட்டி, எல்லா ஆவணத்தையும் அனுப்பினேன். நாலாம் நாளுக்குப் பிறகு அவர் கேள்வியே கேட்கவில்லை. புரிந்துவிட்டது, இனி கவலையில்லை என்று நினைத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் 23 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்கை அவரிடம் கொடுத்தேன். அங்கே ஒருவர் 17ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்திருந்தார், மாதச் சம்பளம் 3,000 வெள்ளி. இங்கே அரைகுறை மாதத்துக்கு அந்த மாதத்து வேலை நாட்களால் வகுக்க வேண்டும். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் அந்தப் பிப்ரவரியில் 20 வேலை நாள், அவர் செய்தது 10. ஆக 1,500 வெள்ளி. தம்பி ஊர்ப் பழக்கத்தில் காலண்டர் நாட்களைப் பிடித்து, 28இல் 12 என்று போட்டார். வந்தது 1,285.71. சம்பளச் சீட்டு அப்படியே போய்விட்டது, 214 வெள்ளி 29 காசு குறைவாக. அந்த நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம், அதற்குள் மீதியைக் கொடுக்க வைத்தோம்.

என் மனதில் நின்றது அந்தப் பணம் இல்லை. "எதால வகுக்கறதுன்னு ரெண்டு நாளா சந்தேகமா இருந்துச்சு அண்ணே, யாரைக் கேக்கறதுன்னு தெரியல" என்று அவர் சொன்னது. பக்கத்து நாற்காலியில் யாராவது இருந்திருந்தால் தலையைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருப்பார். ஏழாவது வாரம் வேலையை விட்டுவிட்டார்.

அடுத்தவர் ஜூன் 9இல் சேர்ந்தபோது திட்டத்தைக் கடைசியிலிருந்து எழுதினேன். 30ஆம் நாள் இவர் தனியாக எதைச் செய்ய வேண்டும்? எட்டுப் பேர் உள்ள ஒரு நிறுவனத்தின் ஒரு மாதக் கணக்கை ஆரம்பம் முதல் முடிவு வரை போட வேண்டும், நான் கடைசியில் மட்டும் பார்ப்பேன். அதற்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

முதல் வாரம் ஒரே வேலை. முடிந்துபோன மே மாதக் கணக்கை, அந்த நிறுவனம் அன்று அனுப்பிய அதே விவரங்களை வைத்து, விடையைப் பார்க்காமல் திரும்பப் போட வேண்டும். பிறகு நாங்கள் கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டு, ஒரு காசு மாறினாலும் ஏன் என்று அவரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அந்தப் பெண் கூப்பிட்டார். ஒருவருக்குச் சம்பளம் 2,418 வெள்ளி. மசேநி என்ற மத்திய சேம நிதிக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு, அவர் கணக்கில் 483.60. நாங்கள் பிடித்திருந்தது 483. "அந்த 60 காசு எங்க சார் போச்சு?" என்றார். மொத்தச் சந்தா 37 விழுக்காடு, அதாவது 894.66. அதை முழு வெள்ளிக்கு மாற்றி 895 ஆக்குவோம். ஊழியர் பங்கில் காசை விட்டுவிடுவோம். மீதி 412 முதலாளியுடையது. பத்து நிமிடத்தில் பேசி முடித்தோம். இதே விதி நான் அனுப்பிய ஆவணத்திலும் இருந்தது, முந்தின நாள் அதைப் படித்தும் இருந்தார். கணக்கு இடித்தபோதுதான் மனதில் ஏறியது.

காலை 10 மணிக்கும் மாலை 4:30க்கும் 15 நிமிடம் பேசுவோம், முதல் பத்து வேலை நாளும். கேள்வி இல்லாவிட்டாலும் வர வேண்டும். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள்.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

உட்லண்ட்ஸ் தம்பி

நான் மென்பொருள் பக்கம். எங்க குழுவுல இவ்வளவு பேச்சே கிடையாது அண்ணே. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கோம். புதுசா வர்றவங்க படிச்சுக்கிட்டே போவாங்க, எங்க தடுக்குதோ அந்த இடத்தை அவங்களே திருத்தி எழுதணும், அதுதான் முதல் வார வேலை. ரெண்டு வருஷமா நல்லாப் போகுது. தினமும் ரெண்டு தடவை கூப்பிட்டா, நம்மள நம்பலையோன்னு அவங்களுக்குத் தோணாதா? எழுத்துல சரியா இருந்தா பேச்சே தேவையில்லங்கறது என் கருத்து.

தேக்கா அக்கா

தம்பி, நீங்க சொல்றதுல பாதிய நான் அப்படியே எடுத்துக்கறேன். புதுசா வந்தவங்க கையால ஆவணத்தைத் திருத்த வைக்கிறது ரொம்ப நல்ல பழக்கம். பழைய ஆளுங்களுக்குத் தெரியாத ஓட்டை அவங்க கண்ணுக்குத்தான் தெரியும். ஆனா உங்க வேலையில தப்புப் பண்ணினா கணினியே சோதனையில நிறுத்திச் சொல்லிடும். கணக்கர் வேலையில 1,285.71னு போட்டா எதுவும் சிவப்பாகாது. தப்பு தானாத் தெரியாத வேலைக்கு மனுஷன் வந்து கேட்டாத்தான் ஆச்சு.

மனிதவளத்துல ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால ரெண்டு விஷயம் சொல்லணும். முதலாவது, கூட இருந்து சொல்லிக் கொடுக்கிற தோழர். பேரை எழுதி வச்சிடுவாங்க, அவரோட வேலையைக் குறைக்க மாட்டாங்க. அவரும் பாவம் "அப்புறம் கூப்பிடறேன்"னு ரெண்டு தடவை சொல்வார், மூணாவது தடவை புதுசா வந்தவங்க கேக்கவே மாட்டாங்க. முதல் ரெண்டு வாரம் அவர் வேலையில கால்பங்கை எடுத்து வேற யாருக்காவது கொடுங்க. அது முடியலைன்னா தோழர்னு யாரையும் போடாதீங்க. அவர் மேலதிகாரியாவும் இருக்கக் கூடாது. மதிப்பெண் போடுறவர்கிட்ட யாரும் சின்னச் சந்தேகம் கேக்க மாட்டாங்க.

ரெண்டாவது நேரம். கணக்கரே, உங்க தோழர் கோயம்புத்தூர்ல இருக்காரா? இங்க காலை 10 மணின்னா அங்க 7:30. இங்க ஒருத்தர் 9 மணிக்கு உக்காந்தா, அவர் வர்ற வரைக்கும் இந்தப் பிள்ளைக்குக் கேக்க ஆள் இல்ல. புதுசா வந்தவங்களுக்குச் சந்தேகம் குவியறதே காலையிலதான்.

அப்புறம், முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்துல 14 நாளுக்குள்ள கொடுத்தாகணும். வீட்டிலிருந்து வேலைங்கறதால தள்ளிப்போடற இடங்களைப் பார்த்திருக்கேன். அதை முதல் நாளுக்கு முன்னாலயே அனுப்பிடுங்க. வேலை நேரம், ஓய்வு நாள் எல்லாம் அதுல இருக்கும். ராத்திரி 8 மணிக்கு வர்ற செய்திக்குப் பதில் சொல்லணுமாங்கற பயம் புதுசா வந்தவங்களுக்கு நிறைய.

பொங்கோல் அம்மா

நானும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன், மூன்று வருடம் ஆகிறது. இப்போது வாரம் நாலு நாள் அலுவலகம் வரச் சொல்கிறார்கள். சின்னவன் தொடக்கநிலை ஒன்றில் இருக்கிறான், மாமியாருக்கு முட்டி வலி. இந்த 30 நாள் திட்டம் என்பது மறுபடி அலுவலகம் போய்ப் பழகுவதற்கா? அப்படி ஒன்று எங்கள் நிறுவனத்தில் கேட்கலாமா?

தேக்கா அக்கா

இல்லம்மா, இங்க பேசறது புதுசா வேலைக்கு வர்றவங்களைப் பத்தி. உங்களுக்கு வேற வழி இருக்கு. 2024 டிசம்பர் 1லிருந்து நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கேக்கறதுக்கு முத்தரப்பு வழிகாட்டி இருக்கு. எழுத்துல முறையாக் கேட்டா, ரெண்டு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும். கொடுத்தே ஆகணும்னு இல்ல, ஆனா காரணம் சொல்லணும். சோதனைக் காலம் முடிஞ்சவங்களுக்குத்தான் அது, உங்களுக்குப் பொருந்தும். பிள்ளையை எத்தனை மணிக்குக் கூப்பிடப் போகணுங்கறதையும் சேர்த்து எழுதுங்க.

பிடோக் புதுமுகம்

நான் இந்தக் கதையின் மறுபக்கம். வேலையில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகிறது (வேறு துறை, வேறு நிறுவனம்). அந்தத் தம்பி யாரையும் கேட்காததற்கு என்னால் காரணம் சொல்ல முடியும்.

இரண்டாம் வாரம் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்தேன். குழு முழுக்கப் பார்க்கும் இடம் அது, பதினொரு பேர். அனுப்புவதற்கு முன் மேலே போய்ப் படித்துப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்க யாரும் கேள்வி என்று எதுவும் கேட்டிருக்கவில்லை. எல்லாம் "முடிந்தது", "அனுப்பிவிட்டேன்". அழித்துவிட்டேன். தனியாக அனுப்பலாம் என்று பார்த்தால் மேலாளர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி, சந்திப்பில் இருக்கிறார். பச்சை ஆகட்டும் என்று காத்திருந்தேன். பச்சை ஆனபோது, இவ்வளவு நேரம் இதோடுதான் உட்கார்ந்திருந்தேனா என்று நினைப்பாரே என்று தயங்கினேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

அதை மாற்றியது ஒரே ஒரு விஷயம். அடுத்த நாள் எங்கள் குழுவிலேயே மூத்த அக்கா, எல்லாரும் பார்க்கும் இடத்தில், "இந்தப் படிவம் எங்கே இருக்கிறது, எனக்கு மறந்துவிட்டது" என்று கேட்டார். பத்து நிமிடம் கழித்து நானும் கேட்டேன்.

கணக்கர் ஐயா சொன்ன 10 மணிப் பேச்சு எனக்கு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நம்பவில்லை என்று தோன்றியிருக்காது. ஆனால் முகத்தைக் காட்டச் சொல்வதுதான் கஷ்டம். எங்கள் வீடு மூன்றறை வீவக வீடு, கூடத்தில்தான் மேசை, பின்னால் அப்பா நடமாடுவார்.

ஜூரோங் கணக்கர்

அக்கா, ஆமாம், தோழர் கோயம்புத்தூர்தான். நீங்கள் சொன்ன பிறகு ஜூன் மாதக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்திருந்தேன். முதல் வாரம் 31 கேள்வி, இரண்டாம் வாரம் 9, மூன்றாம் வாரம் 22. இரண்டாம் வாரம் குறைந்ததைப் பார்த்து மறுபடி பழைய கதையோ என்று பயந்து, 4:30 பேச்சில் "இன்று எதில் அதிக நேரம் போனது?" என்று கேட்க ஆரம்பித்தேன். "சந்தேகம் இருக்கிறதா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். நேரம் எங்கே போனது என்று கேட்டால் சந்தேகம் தானாக வெளியே வரும். கேள்வி கேட்ட மணியையும் குறித்திருந்தேன், பெரும்பாலும் 11 மணிக்கு மேல்தான். காலை இரண்டு மணி நேரம் சும்மா இருந்திருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது. அடுத்த முறை தோழர் சிங்கப்பூரில் இருப்பவர்தான்.

ஒன்று இன்னும் எனக்குத் தீரவில்லை. 30 நாளில் ஒரு மாதக் கடைசிதான் வரும். ஜூன் கணக்கை அவர் என் பக்கத்தில் இருப்பது போல, திரையைப் பகிர்ந்து கூடவே போட்டார். ஜூன் மசேநி மாதக் கடைசியிலேயே கட்ட வேண்டியது, ஜூலை 14 வரை அவகாசம். அதையும் பார்த்தார். 30ஆம் நாள் பழைய ஏப்ரல் கணக்கைத் தனியாகப் போட்டார், காசு மாறாமல் சரியாக வந்தது. ஆனால் உண்மையான கணக்கைத் தனியாகப் போட்டது ஜூலைக் கடைசியில், அதாவது ஐம்பதாவது நாள் வாக்கில். அப்படியென்றால் 30ஆம் நாள் நான் "தேறிவிட்டார்" என்று எழுதியது சரியா?

தேக்கா அக்கா

எழுதினது தப்பில்ல, வார்த்தைதான் கொஞ்சம் பெரிசு. "பழைய கணக்கைத் தனியாப் போட்டார், அடுத்த மாசக் கடைசியில நான் கூட இருப்பேன்"னு எழுதுங்க. ஆளை 21ஆம் தேதிக்குப் பக்கத்துல சேர்த்தா மாதக் கடைசி பத்தாம் நாள் வாக்கில வந்துடும், அப்ப வெறுமனே வேடிக்கை பார்க்கலாம். ரெண்டாவது மாதக் கடைசி 40ஆம் நாள் வாக்கில வரும்.

உட்லண்ட்ஸ் தம்பி

தேதியை மாத்தறதுக்கு வர்றவங்க ஒத்துக்கணுமே அக்கா, பழைய இடத்துல முன்னறிவிப்புக் காலம் இருக்கும். அந்தக் கேள்வித் தாளை மட்டும் நான் எடுத்துக்கறேன். நாங்க யாரும் எண்ணிப் பார்த்ததே இல்ல. கடைசியா சேர்ந்தவர் ரெண்டாவது வாரத்துல எத்தனை கேட்டார்னு இப்ப தேடிப் பார்த்தேன், ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு அவரைக் கூப்பிட்டுப் பேசறேன்.