பாஸ்புக்கில் வராத வட்டி: அப்பாவின் ரிட்டர்ன் அனுபவம்

செல்வி:
அப்பாவுக்கு 78 வயது. 2024-25க்கு வருமான வரி ரிட்டர்ன் போட உட்கார்ந்தோம். பென்ஷன் வரும் வங்கியில் ஃபார்ம் 16 வாங்கியாச்சு, மாதம் 6,000 வாடகை, 2,000 ரூபாய்க்கு வீட்டு வரி ரசீது. வட்டிக்கு மட்டும் அப்பா பாஸ்புக்கைப் பிரித்து பென்சிலால் வரிவரியாக டிக் போட்டுக் கூட்டினார், எஃப்டி வட்டி 19,000, சேமிப்புக் கணக்கில் 3,000. வரித் துறை தளத்தில் வருமான விவரம் காட்டும் AIS-ஐத் திறந்தால் எஃப்டி வட்டி 68,000, அதில் 6,800 டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள்! "கைக்கே வராத பணத்துக்கு வரியாம்மா?" என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வங்கியில் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்கிய பிறகுதான் புரிந்தது. முதிர்வில் மொத்தமாகத் தரும் எஃப்டி ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த 49,000 பாஸ்புக்கில் வரவே வராது, ஆனால் வருஷா வருஷம் வட்டியாகக் கணக்கு வைத்து டிடிஎஸ் பிடிப்பார்கள்.

முருகன்:
75 தாண்டியவர்கள் ரிட்டர்னே போட வேண்டாமே, எதற்கு இந்த அலைச்சல்?

ராஜகோபால்:
முருகன் சார், அது பென்ஷனும் வட்டியும் மட்டும் ஒரே வங்கியில் வருகிறவர்களுக்கு, அதுவும் வங்கியில் உறுதிமொழி கொடுத்திருந்தால்தான். வாடகை இருக்கிறவருக்குப் பொருந்தாது.

செல்வி, புதிய வரி முறையில் பாருங்கள். பென்ஷன் எவ்வளவு?

செல்வி:
வருஷத்துக்கு 3,60,000 சார்.

ராஜகோபால்:
அதில் நிலையான கழிவு 75,000 கழித்தால் 2,85,000. வாடகை 72,000, கட்டிய வீட்டு வரி 2,000 போக 70,000, அதில் 30 சதவீதம் தானாகக் கழியும், மிச்சம் 49,000. பழுதுபார்த்த பில் எதுவும் வேண்டாம். எஃப்டி, சேமிப்பு இரண்டும் சேர்த்து வட்டி 71,000. மொத்தம் 4,05,000. 2024-25க்கு 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது, அதனால் வரி இல்லை, பிடித்த 6,800 திரும்ப வரும். வட்டியைக் குறைத்துக் காட்டிவிட்டு டிடிஎஸ் முழுவதையும் கேட்டால் நோட்டீஸ் வரலாம். அதனால் வட்டிச் சான்றிதழையும், பிடித்த டிடிஎஸ் பதிவாகும் 26AS-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள், டிடிஎஸ் தொகை ஒரு ரூபாய் இடித்தாலும் முதலில் வங்கியைக் கேளுங்கள். அப்புறம், எஃப்டி இருக்கிற ஒவ்வொரு வங்கியிலும் ஏப்ரலிலேயே, டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15H படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஜெயந்தி:
எங்கள் வீட்டில் வேறு கதை. அம்மாவுக்கு வருவது குடும்ப பென்ஷன். ஃபார்ம் 16 கேட்டு மூன்று முறை நடந்தேன், கவுண்டரில் இருந்தவர் "வரும், வரும்" என்றே அனுப்பினார். குடும்ப பென்ஷன் சம்பள வருமானத்திலேயே வராது, இதர வருமானம் என்று கடைசியில் ஒரு ஆடிட்டர்தான் சொன்னார். பென்ஷன் ஸ்லிப்பை வைத்துப் போட்டோம். அதற்கு 75,000 கழிவு கிடையாது, மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் கழியும்.

செல்வி:
நன்றி சார், 15H இந்த வருஷம் கொடுத்தாச்சு. ஆனால் அந்த எஃப்டி போட்டு மூன்று வருஷம் ஆகிறது. முந்தைய இரண்டு வருஷமும் அப்பா பாஸ்புக் வட்டியை மட்டும்தான் காட்டியிருக்கிறார். அதை என்ன செய்வது, யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா?