புதுப்பிப்பு: இயந்திர மணி குறைந்த பொருளின் மேற்செலவு

என் முந்தைய கேள்வி: “ஆ என்ற பொருளுக்கு 500 இயந்திர மணிதான் ஆகிறது. அப்படியிருக்க புதிய பகிர்வு முறையில் அதன் மேற்செலவு ஏன் கூடுகிறது?”

மொத்த மேற்செலவு 6,00,000. மொத்த இயந்திர மணி 10,000. மணிக்கு 60 என்ற பழைய வீதத்தில், ஆயிரம் எண்ணிக்கை தயாராகும் ஆவுக்கு 30,000, அதாவது ஒன்றுக்கு 30 மட்டுமே விழுந்தது.

மூத்த செலவுக் கணக்காளர் ஒருவர், இயந்திரத்தை அடுத்த பொருளுக்கு மாற்றியமைக்கும் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். மேற்செலவில் 2,00,000 அந்த வேலைக்கே போகிறது. ஆண்டின் 100 மாற்றங்களில் 40 ஆவுக்காக, ஏனெனில் அது 25, 25 ஆகச் சிறு தொகுதிகளில் தயாராகிறது. மாற்றத்துக்கு 2,000 வீதம் 80,000, மீதி 4,00,000-ஐ மணிக்கு 40 எனப் பகிர்ந்ததில் 20,000. ஆக ஒன்றுக்கு 100.

“மணி குறைந்தால் செலவு எப்போதும் குறைத்தே காட்டப்படும்” என்று பதில் எழுதிய ஒருவர் கூறியது பாதிதான் சரி. இரண்டே மாற்றங்களில் முடிந்திருந்தால் ஒன்றுக்கு 24 தான் வந்திருக்கும், அதாவது பழைய முறை கூட்டிக் காட்டியிருக்கும்.

ஆவை நிறுத்தினால் 80,000 மிஞ்சுமா என்பதில் எனக்கும் அந்தக் கணக்காளருக்கும் இன்னும் உடன்பாடில்லை. அதில் பெரும்பகுதி மாற்றியமைப்பவர்களின் மாதச் சம்பளம். வேலை குறைந்தாலும் அது உடனே குறையாது என்பது என் வாதம்.