கள்ளக்கடலுக்கு ‘ஓதம்’ என்று எழுதிவிட்டேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

வள்ளத்துக்காரர் மகள்
எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரை. மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் எச்சரிக்கையைத் தமிழில் எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் பொறுப்பு. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஏப்ரலில் ‘ஸ்வெல் சர்ஜ்’ என்று வந்தது. அகராதியைப் பார்த்து ‘ஓதம் உயரும்’ என்று எழுதினேன். நிலாவை வைத்து வரும் கடல் ஏற்றம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று அஷ்டமி. அஷ்டமிக்கு ஏற்றம் குறைவு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றவில்லை. மத்தியானம் காற்றே இல்லை, வானமும் தெளிவு. திடீரென்று தண்ணீர் ஏறி, காயப்போட்டிருந்த வலை வரைக்கும் வந்தது. திரும்பும்போது வலையையும் இழுத்துக்கொண்டு போனது. சித்தப்பாவின் வள்ளம் பக்கத்து வள்ளத்தில் மோதி அணியம் பிளந்துவிட்டது. அவர் திட்டவில்லை. “கள்ளக்கடல்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதுமேம்மா” என்றார். இன்றும் அது மனதில் கிடக்கிறது. கடல் வார்த்தையால் உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

தமிழாசிரியர், சென்னை
நீங்கள் எழுதியது முழுத் தவறு இல்லை அம்மா. பழைய இலக்கியத்தில் ஓதம் என்றால் அலை, கடல், பெருக்கு எல்லாமே உண்டு. ஸ்வெல்லும் பௌர்ணமி, அமாவாசையில்தானே பெரிதாகும்? இது எத்தனை நாட் தூரத்திலிருந்து வந்தது என்று அறிக்கையில் இல்லையா?

பழைய கப்பல்காரன்
ஐயா, நாட் தூரம் அல்ல, வேகம். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், போனால் ஒரு நாட். ஸ்வெல்லுக்கும் நிலாவுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கோ தெற்கே அடித்த புயல் எழுப்பிய அலை அது. ஆனால் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது வந்து சேர்ந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே ஏறும். அந்த மட்டில் நீங்கள் சொல்வது சரி.

தங்கச்சி, அறிக்கையில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை நொடி என்று பாருங்கள். நம் பக்கத்துக் காற்று எழுப்பும் அலை ஆறு, ஏழு நொடிக்கு ஒன்று வரும். 18 நொடி என்று போட்டிருந்தால் அது தூரத்துச் சரக்கு. அந்த நொடியை ஒன்றரையால் பெருக்கினால், ஆழ்கடலில் அலைக்கூட்டம் வரும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும்: 27. புயல் தெற்கே 40 டிகிரியில், குமரி வடக்கே 8 டிகிரியில். இடையில் 48 டிகிரி, டிகிரிக்கு 60 கடல் மைல், மொத்தம் 2880. அதை 27ஆல் வகுத்தால் சுமார் 107 மணி நேரம், நாலரை நாள். அதனால்தான் இங்கே காற்று இல்லாமலே வருகிறது. காற்றைப் பார்த்துக் கடலைக் கணிப்பவன் அன்றைக்கு ஏமாந்துபோவான்.

சிலம்பு77
நாட் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். நைலான் கயிற்றில் முடிச்சு நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன முடிச்சு போடலாம்?

பழைய கப்பல்காரன்
நைலான் வழுக்கும் தம்பி, கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். ஒரு வகையில் உங்கள் கேள்வியும் இங்கே சேர்ந்ததுதான். பாய்க்கப்பல் காலத்தில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பின்னால் விட்டு, 28 நொடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் கையைத் தாண்டிய முடிச்சுகளை எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு போனால் ஐந்து நாட்.

வடமராட்சியான்
எங்கட பிரச்சினை வேற சொல். நாங்கள் ‘றோலர்’ எண்டுதான் சொல்லுறது. தமிழ்நாட்டுப் பேப்பர் எல்லாம் ‘விசைப்படகு’ எண்டு எழுதுது. இயந்திரம் பூட்டின எதுவும் விசைப்படகுதானே? எங்களுக்கு நோகிறது இயந்திரம் இல்லை, அடியில இழுபடுற மடிவலை. ரெண்டு பக்கமும் பலகை மடியின்ர வாயை விரிக்க, ரெண்டு மூண்டு நாட் வேகத்தில அடித்தளத்தை வழிச்சுக்கொண்டு போகும். அப்பா பின்னேரம் விட்ட வலைக்கு விடிய மிதவை மட்டும்தான் கிடைச்சது. இலங்கையில அந்தத் தொழில் 2017இல தடை. ‘இழுவைப்படகு’ எண்டு எழுதினால்தான் எங்கட நட்டம் விளங்கும்.

வள்ளத்துக்காரர் மகள்
அண்ணா, இனி அப்படியே எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் வள்ளத்துக்காரர்கள் இழுவை மடியைச் சொல்லித்தான் வருத்தப்படுவார்கள்.

தமிழாசிரியர் ஐயா, கள்ளக்கடல் என்ற பெயர் கரையேறும் தண்ணீருக்குப் பொருந்துகிறது. ஆனால் தினமும் வெளிக்கடலில் உருண்டு வரும் சாதாரண ஸ்வெல்லுக்கு என்ன எழுதுவது?

தமிழாசிரியர், சென்னை
‘நெட்டலை’ எனலாமா?

பழைய கப்பல்காரன்
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடலில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வள்ளத்துக்காரர் மகள்
சித்தப்பாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். நேற்று வந்த எச்சரிக்கையை இப்படிப் போட்டேன்: ‘கள்ளக்கடல் வருது. காத்து இருக்காது. அலைக்கு அலை 18 நொடி. வள்ளத்தை மேட்டுல ஏத்துங்க.’ சாயங்காலம் போய்ப் பார்த்தேன், எல்லா வள்ளமும் ரோட்டோரத்தில் இருந்தது.