விளம்பரப் படத்தில் முகம் மாற்றியதால் சிக்கல்: ஒப்புதல் படிவம் பற்றி உதவி வேண்டும்

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சின்னப் புடவைக்கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு ஒரு மாடலை வைத்துப் படம் எடுத்தோம். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஓராண்டுக்குத்தான். அது முடிந்ததும், புதுப் படம் எடுக்கும் செலவை மிச்சம் பிடிக்க, என் தம்பி ஒரு செயலியில் அதே படங்களுக்கு வேறொரு பெண்ணின் முகத்தைப் பொருத்திவிட்டான். முகம் எங்கிருந்து வந்தது? ஃபேஸ்புக்கில் யாரோ பொதுவில் போட்டிருந்த கல்யாணப் படம்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தப் பெண்ணே கடைக்கு வந்து, "இது என் முகம், நான் எப்போ உங்களுக்குப் போஸ் கொடுத்தேன்?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

படங்களை அன்றே நீக்கிவிட்டேன், துண்டுப் பிரசுரத்தையும் நிறுத்திவிட்டேன். பழைய படிவத்தைப் பார்த்தால் 'நிறத்திருத்தம், வெட்டுதல்' மட்டும்தான் அனுமதி. முகம் மாற்றுவது பற்றி ஒரு வரி இல்லை. உடல் தன்னுடையது என்று மாடலும் கேட்கிறார், அதுவும் நியாயம்தான். படம் எடுத்தவரைக் கேட்டால், 2021 பதிப்புரிமைச் சட்டப்படி வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை தனக்கே என்கிறார். பொதுவில் கிடைக்கும் தகவலுக்குத் தனிநபர் தரவுச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று நண்பர் சொல்கிறார். ஆனால் அதை வைத்து ஒருவரை என் கடைக்கு விளம்பரம் செய்பவராகக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரு பெண்களும் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடச் சம்மதம். முகம் தருபவர், உடல் தருபவர் இருவரும் தனித்தனியே கையெழுத்திட, முகமாற்றத்தையும் கால அளவையும் வெளிப்படையாகச் சொல்லும் படிவ வாசகம் இங்கே யாரிடமாவது இருக்கிறதா?