வகுப்பு நேரம் மாறினால் எப்போது மெசேஜ் போடுவது?

வெள்ளவத்தை டீச்சர்:
ஓ/எல் கணித வகுப்பு நடத்துகிறேன். பெற்றோர் வட்ஸ்அப் குறூப்பில் 32 பேர். அந்த வாரத்து வகுப்பு நேரங்களை ஞாயிறு இரவு 9 மணிக்குப் போடுவேன். போன செவ்வாய் வகுப்பை 4 மணியிலிருந்து 5.30க்கு மாற்றினேன். ஞாயிறு மெசேஜில் அதையும் போட்டிருந்தேன். ஆனாலும் சில பிள்ளைகள் பழைய நேரத்துக்கே வந்து படிக்கட்டில் காத்திருந்தார்கள். எந்த நேரம் அனுப்பினால் பார்ப்பார்கள்?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
காலை 6 மணிக்குப் போடுங்கோ டீச்சர். எழும்பினவுடன் எல்லாரும் போனைத்தான் பார்ப்பார்கள்.

கிளினிக் அக்கா:
நாங்கள் பல் கிளினிக்கில் முதல் நாள் பின்னேரம் எஸ்எம்எஸ் அனுப்புகிறோம். அதற்கே சிலர் வருவதில்லை. கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவதுதான் வழி.

மருதானை அண்ணை:
அக்கா, டீச்சர் கேட்டது காசு விஷயம் இல்லையே.

டீச்சர், அந்த ஞாயிறு மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். யாருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, எப்போது வாசித்தார்கள் என்று தனித்தனியாக வரும். நீல டிக்கை நிறுத்தி வைத்தவர்களும் குறூப்பில் தப்ப முடியாது. 9 மணிக்கே சேர்ந்தும் மறுநாள்தான் வாசித்திருந்தால் நேரம்தான் பிழை. சேரவே இல்லையென்றால் டேட்டா போடாமல் இருக்கிறார்கள், அவர்களுக்கு எஸ்எம்எஸ்தான்.

தம்பி சொல்கிற 6 மணிக்குப் பார்ப்பார்கள், உண்மை. ஆனால் சாப்பாடு கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றுகிற அவசரத்தில் பார்த்தது மனதில் நிற்காது. அன்றைக்கே வகுப்பு இருந்தால் நினைவூட்டலுக்கு அந்த நேரம் சரி, மாற்றத்தை அறிவிக்கச் சரிவராது.

வெள்ளவத்தை டீச்சர்:
பார்த்தேன் அண்ணை. எல்லாருக்கும் 9.10க்குள் சேர்ந்திருக்கிறது. அன்றிரவே வாசித்தது 11 பேர். மற்றவர்களில் ஒரு கூட்டம் திங்கள் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், இன்னொரு கூட்டம் இரவு 7.30க்குப் பிறகு. நாலு பேர் செவ்வாய் 4 மணி தாண்டித்தான்.

மருதானை அண்ணை:
பள்ளிக்கூடம் விடுவது 1.30க்கு. வாசலில் நிற்கிற நேரம் போன் கையில் இருக்கும். 7.30 என்பது வேலையால் வந்து குளித்துச் சாப்பிட உட்காருகிற நேரம். ஞாயிறு இரவு 9க்கு அனுப்பினால் அதற்குப் பின் வருகிற பள்ளிக்கூடக் குறூப் மெசேஜ்கள் எல்லாம் உங்களுடையதைக் கீழே தள்ளிவிடும். ஆகவே செவ்வாய் மாற்றத்தை ஞாயிறு 7.30க்கே போடுங்கள், திங்கள் 1 மணிக்கு ஒரே வரியில் மீண்டும். "செவ்வாய் வகுப்பு 5.30" என்று நாளும் நேரமும் முதல் வரியிலேயே வரட்டும், திறக்காதவர்களுக்கும் அறிவிப்பில் தெரியும்.

சனி வகுப்புக்கு வியாழன் இரவு. வெள்ளி மத்தியானம் ஜும்மா தொழுகை, அந்த நேரம் வேண்டாம். வெள்ளி போயா என்றால் இன்னும் முந்துங்கள்; வியாழன் இரவே பலர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

வெள்ளவத்தை டீச்சர்:
சரி, இந்த வாரமே மாற்றுகிறேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் இரவு டியூட்டி தாதியர். பகலில் நித்திரை. அவர்களுக்கு எந்த நேரம்?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
எங்கள் அம்மாவும் அப்படித்தான். டியூட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் பார்ப்பா, மாலை 6 மணியளவில். ஆனால் டியூட்டி கிழமைக்குக் கிழமை மாறும்.

கிளினிக் அக்கா:
அவர்களுக்கு மட்டும் கோல் எடுங்கோ.