கலைச்சொல்: செக் டிஜிட், டபுள் என்ட்ரி

கவிதா: வணக்கம். ஒரு படிவ மென்பொருளைத் தமிழாக்குகிறேன். செக் டிஜிட்டுக்குச் 'சரிபார்ப்பு இலக்கம்' என்று போட்டிருக்கிறேன். டபுள் என்ட்ரிக்குச் சொல் வேண்டும். கடன் அட்டை எண்ணை ஒருமுறை கேட்கும் படிவம், தொலைபேசி எண்ணை மட்டும் இருமுறை அடிக்கச் சொல்கிறது. ஏன் என்று தெரிந்தால் சொல்லும் பொருத்தமாக அமையும்.

சேகர்: 'இரட்டைப் பதிவு' இருக்கிறதே அம்மா! பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்.

இளங்கோ: அது கணக்கியல், சேகர். இங்கே ஒரே எண்ணைத்தான் இரண்டு முறை அடிக்கிறோம். அந்தச் சொல்லை எடுத்தால் இதே குழப்பம் எல்லோருக்கும் வரும்.

அட்டை எண்ணின் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, அதுதான் செக் டிஜிட். 5273 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்தால் 3 ஆறாகும், 2 நாலாகும். 7, 5 அப்படியே. மொத்தம் 22. அடுத்த பத்தின் மடங்கான முப்பதாக்க 8 வேண்டும், ஆக 52738. கை தவறி 57238 என்று அடித்தால், இரட்டித்த 7 பதினான்காகி, 1+4 என ஐந்தாகும். கடைசி எட்டையும் சேர்த்து மொத்தம் 26. பத்தின் மடங்கு இல்லை, பிழை சிக்கிவிடும்.

தொலைபேசி எண்ணில் இப்படி ஓர் இலக்கம் இல்லை. பழைய தானியங்கித் தொலைபேசி நிலையங்களில் சுழற்றும் ஒவ்வோர் இலக்கமும் அப்போதே ஒரு சுவிட்சை நகர்த்தியது. முழு எண்ணையும் வாங்கி வைத்துக் கணக்குப் போட அங்கே வழியில்லை. அப்புறம், பத்து இலக்கத்தில் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்கினால், கொடுக்கக்கூடிய எண்கள் பத்தில் ஒரு பங்காகிவிடும். எண் தவறினால் எடுப்பவரே 'ராங் நம்பர்' என்று சொல்லிவிடுவார். படிவத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இரண்டாம் முறை கேட்கிறார்கள்: ஒரே தடுமாற்றம் அதே இடத்தில் மறுபடி வருவது அரிது.

பரிதா: நீளம் பார்த்தால் போதாதா? இலக்கம் விடுபடுவதுதானே வழக்கமான பிழை?

இளங்கோ: விடுபட்டது தெரியும். இடம் மாறியது தெரியாது, நீளம் அதேதான்.

பிலோமினா: நான் தரவு உள்ளிடும் வேலையில் இருந்தவள். ஒரே தாளை இருவர் தனித்தனியே அடிப்போம், கணினி ஒப்பிடும். ஒருவர் 1-ஐக் கொக்கி போட்டு எழுதியிருந்தார். இருவருமே 7 என்று அடித்தோம். ஒப்பீட்டில் பொருந்தியது, எண் தவறு.

இளங்கோ: ஆமாம் அம்மா, விரல் பிழையைத்தான் இது பிடிக்கும், கண் பிழையை அல்ல. முதல் பெட்டியை நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டினால் அதுவும் போச்சு. ஒட்டுவதைத் தடுத்தாலும், எண்ணையே தவறாக நினைவில் வைத்திருப்பவர் இருமுறையும் அதையேதான் அடிப்பார். அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பிப் பார்ப்பதே உறுதியான வழி.

கவிதா: சரி, 'இருமுறை உள்ளிடல்' என்று வைத்துக்கொள்கிறேன்.

பரிதா: அதே படிவத்தில் ஓடிபி பொத்தான் 'சரிபார்' என்றுதானே இருக்கும்? பக்கத்திலேயே 'சரிபார்ப்பு இலக்கம்' என்றால், குறுஞ்செய்தியில் வந்த எண் என்று நினைப்பார்கள். 'சோதனை இலக்கம்' மேல்.

சேகர்: 'சோதனை' என்றால் தற்காலிக எண் போலத் தொனிக்கிறது. 'காப்பிலக்கம்' எப்படி?

இளங்கோ: அது எண்ணைக் காப்பதில்லையே, பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. நான் இப்போதைக்குப் பரிதா பக்கம்.